தட்டச்சு வேகமும் துல்லியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டச்சு பழகத் தொடங்கியவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே எண்ணைச் சுற்றி வருகின்றன: நிமிடத்துக்கு எத்தனை சொல்? அந்த எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தெளிவானால் பாதிச் சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடும். அதனால் கணக்கிலிருந்து தொடங்கி, அதன்பிறகு பயிற்சிக்கு வருகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தட்டச்சிலிருந்து வருகின்றன. தமிழ்த் தட்டச்சின் தனிச் சிக்கல் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

நிமிடத்துக்கு 40 சொல் என்று திரையில் வந்தது. நான் எண்ணிப் பார்த்தால் 33 சொற்கள்தான் இருக்கின்றன. எது சரி?

இரண்டும் சரிதான். தட்டச்சுக் கணக்கில் சொல் என்பது அகராதியில் இருக்கும் சொல் அல்ல. ஐந்து தட்டுகள் சேர்ந்தால் ஒரு சொல். நீங்கள் ஒரு நிமிடத்தில் 200 தட்டுகள் தட்டியிருக்கிறீர்கள். அதை ஐந்தால் வகுத்தால் 40. திரையில் `WPM` என்று காட்டப்படுவது இந்த அளவுதான்.

இப்படி ஒரு நிலையான அளவு இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. `I am at it` என்பது கண்ணுக்கு நான்கு சொல். தட்டினால் இடைவெளிகளோடு பத்துத் தட்டு, அதாவது இரண்டு சொல். `international` என்பது ஒரே சொல். ஆனால் அதற்குப் பின் வரும் இடைவெளியையும் சேர்த்தால் 14 தட்டு, ஏறத்தாழ மூன்று சொல். சொற்களை அப்படியே எண்ணினால், சின்னச் சொற்கள் நிறைந்த பகுதி கிடைத்தவர் வேகமானவராகவும் நீண்ட சொற்கள் கிடைத்தவர் மந்தமானவராகவும் தெரிவார்.

இடைவெளியையும் எண்ணுவார்களா? ஷிப்ட் அழுத்துவது கணக்கில் வருமா?

இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எண்டர் எல்லாம் ஆளுக்கொரு தட்டு. ஷிப்ட் பெரும்பாலான சோதனைகளில் தனியாக எண்ணப்படுவதில்லை. திரையில் விழும் எழுத்தைத்தான் எண்ணுகிறார்கள். அதனால்தான் பெரிய எழுத்தும் மேற்கோள் குறியும் நிறைந்த பகுதியில் வேகம் குறைகிறது. இரண்டு விசைகளை அழுத்துகிறீர்கள், ஒன்றுக்குத்தான் மதிப்புக் கிடைக்கிறது.

மொத்த வேகம் என்றும் நிகர வேகம் என்றும் இரண்டு எண் காட்டுகிறார்கள். எதை என் வேகம் என்று சொல்லிக்கொள்வது?

நிகர வேகத்தை. மொத்த வேகம் விரல் எவ்வளவு ஓடியது என்பதை மட்டும் சொல்லும். நிகர வேகத்தில், திருத்தாமல் விட்ட ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சொல் கழிக்கப்படும்.

```
மொத்த வேகம் = (தட்டுகள் / 5) / நிமிடங்கள்
நிகர வேகம்  = மொத்த வேகம் - (திருத்தாத பிழைகள் / நிமிடங்கள்)
```

ஐந்து நிமிடத்தில் 1000 தட்டு என்றால் 200 சொல், நிமிடத்துக்கு 40. அதில் பத்துப் பிழைகள் திருத்தப்படாமல் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு இரண்டு பிழை. நிகர வேகம் 38. சில சோதனைகள் இப்படிக் கழிப்பதற்குப் பதிலாகச் சரியாக விழுந்த எழுத்துகளை மட்டும் எண்ணி ஐந்தால் வகுக்கின்றன. எந்த முறை என்று பார்த்துக்கொண்டால், இரண்டு இடங்களில் இரண்டு எண் வரும்போது குழப்பம் இருக்காது.

ஓர் எழுத்து மாறினதற்கு ஒரு முழுச் சொல்லையே கழிப்பது அநியாயம் இல்லையா?

பழைய கணக்கைப் பார்த்தால் இது சலுகை என்றே தோன்றும். தட்டச்சுப் பொறிகளின் காலத்தில் அமெரிக்காவில் நடந்த பெரிய போட்டிகளில் ஒரு பிழைக்குப் பத்துச் சொல் கழிக்கப்பட்டது. 1923இல் ஆல்பர்ட் டாங்கோரா என்பவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தட்டி, நிமிடத்துக்கு 147 சொல் என்று பெற்ற புகழ்பெற்ற சாதனை அந்தத் தண்டனைக்குப் பிறகு மிஞ்சிய எண்.

மேலே சொன்ன 200 சொல், பத்துப் பிழை கணக்கை அந்த விதியில் போட்டுப் பாருங்கள். நூறு சொல் போய்விடும். 38 என்று இருந்த வேகம் 20 ஆகிவிடும். அந்த விதி காரணமில்லாமல் வந்ததல்ல. தாளில் விழுந்த பிழையைப் பேக்ஸ்பேஸ் கொண்டு அழிக்க முடியாது. அழிப்பானை எடுத்துச் சுரண்ட வேண்டும், அல்லது பக்கத்தையே மறுபடி அடிக்க வேண்டும். பிழையின் உண்மையான விலை அன்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அந்த விலை மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குத் துல்லியம் 95 சதவீதம் வருகிறது. நல்ல மதிப்பெண்தானே?

தேர்வுத்தாளில் 95 நல்ல எண். தட்டச்சில் இதைச் சதவீதமாகப் பார்க்காமல் எத்தனை தட்டுக்கு ஒரு பிழை என்று மாற்றிப் பாருங்கள். 95 சதவீதம் என்றால் இருபது தட்டுக்கு ஒரு பிழை. ஐந்து தட்டு ஒரு சொல் என்பதால், நான்கு சொல்லுக்கு ஒரு முறை தடுக்கிக்கொண்டே போகிறீர்கள். அறுபது எழுத்து கொண்ட ஒரு வரியில் மூன்று பிழை.

98 என்றால் ஐம்பது தட்டுக்கு ஒன்று. பத்துச் சொல்லுக்கு ஒரு முறை. 99 என்றால் இருபது சொல்லுக்கு ஒரு முறை. 95க்கும் 98க்கும் இடையே இருப்பது மூன்று புள்ளிபோலத் தெரிகிறது. உண்மையில் பிழைகள் பாதிக்கும் கீழாகக் குறைகின்றன.

தவறைப் பேக்ஸ்பேஸ் போட்டுத் திருத்திவிட்டால் நிகர வேகத்தில் கழிக்க மாட்டார்கள். பிறகு ஏன் துல்லியம், துல்லியம் என்கிறீர்கள்?

கழிக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் திருத்தும்போது கடிகாரம் நிற்பதில்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்க்கலாம். `because` தட்ட வேண்டிய இடத்தில் `becuase` விழுந்துவிட்டது. இடைவெளியையும் தட்டிய பிறகுதான் கண்ணில் படுகிறது. இப்போது இடைவெளி, `e`, `s`, `a`, `u` என்று ஐந்து முறை பேக்ஸ்பேஸ். பிறகு `a`, `u`, `s`, `e`, இடைவெளி என்று மீண்டும் ஐந்து தட்டு. எட்டுத் தட்டில் முடிந்திருக்க வேண்டியது பதினெட்டாகிவிட்டது. வீணான பத்துத் தட்டு இரண்டு முழுச் சொல்லுக்குச் சமம். எதுவும் கழிக்கப்படவில்லை என்று நினைக்கிறீர்கள். திருத்தாமல் விட்டிருந்தால் ஒரு சொல்தான் போயிருக்கும்.

இது விரல் செலவு மட்டும். புதியவருக்கு இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஏதோ தவறு என்று நிற்பது, எங்கே என்று தேடுவது, பேக்ஸ்பேஸ் விசையைக் கண்ணால் பார்த்து அழுத்துவது, நடு வரிசைக்கு விரல்களைத் திரும்பக் கொண்டுவருவது, மூலப்பகுதியில் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது என்று நேரம் கரைகிறது. இந்த நேரம் எந்தப் பத்தியிலும் தனியாகக் காட்டப்படுவதில்லை. வேகம் குறைவாக இருக்கிறது என்ற ஒரே எண்ணாகத்தான் வெளியே வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில சோதனைகள் கடைசியில் திரையில் நிற்கும் எழுத்தை மட்டும் பார்த்துத் துல்லியம் சொல்கின்றன. எல்லாவற்றையும் திருத்திவிட்டால் 100 சதவீதம் காட்டும். மற்றவை திருத்திய பிழைகளையும் சேர்த்து ஒவ்வொரு தட்டையும் எண்ணுகின்றன. புதியவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. கீழே துல்லியம் என்று நான் சொல்வதெல்லாம் அதைத்தான்.

மெதுவாக அடிப்பவர் வேகமாக அடிப்பவரை முந்துவது எப்படி முடியும்? கணக்காகக் காட்டுங்கள்.

இரண்டு பேர், ஒரே பகுதி, 1000 தட்டு. பிழை இல்லாமல் ஓடும்போது முதல்வரின் விரல் நிமிடத்துக்கு 200 தட்டு போகிறது, துல்லியம் 94. இரண்டாமவர் நிமிடத்துக்கு 160 தட்டு, துல்லியம் 99. இருவரும் எல்லாப் பிழைகளையும் திருத்துகிறார்கள். கவனித்து, அழித்து, மறுபடி தட்டி, விட்ட இடத்தைப் பிடிக்க ஒரு பிழைக்கு இரண்டரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல்வருக்கு ஓட்டத்துக்கு 300 விநாடி. பிழைகள் 60, அவற்றுக்கு 150 விநாடி. மொத்தம் 450 விநாடி, அதாவது ஏழரை நிமிடம். 1000 தட்டு 200 சொல் என்பதால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 சொல். இரண்டாமவருக்கு ஓட்டத்துக்கு 375 விநாடி. பிழைகள் பத்து, அவற்றுக்கு 25 விநாடி. மொத்தம் 400 விநாடி. நிமிடத்துக்கு 30 சொல்.

முதல்வரின் விரல் உண்மையிலேயே வேகமானது. பிழை இல்லாத இடங்களில் அவர் 40இல் ஓடுகிறார். ஆனால் செலவிட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு திருத்துவதிலேயே போய்விட்டது. அவர் இன்னும் வேகமாகத் தட்டப் பழகினால் ஓட்டத்தில் சில விநாடிகள் மிச்சமாகலாம்; துல்லியத்தை 98க்குக் கொண்டுவந்தால் பிழைகள் 20 ஆகி, ஒரே மூச்சில் 100 விநாடி மிச்சமாகும். அதே விரல் வேகத்திலேயே 34ஐத் தாண்டிவிடுவார்.

என் அலுவலகத்தில் ஒருவர் தவறு செய்துகொண்டே, அழித்துக்கொண்டே, 80க்கு மேல் அடிக்கிறார். அவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாதா?

பொருந்தாது, அதற்குக் காரணம் இருக்கிறது. மேலே உள்ள கணக்கில் இரண்டரை விநாடியை ஒரு விநாடியாக மாற்றிப் பாருங்கள். முதல்வருக்கு 360 விநாடி, இரண்டாமவருக்கு 385. இப்போது வேகக்காரர் ஜெயிக்கிறார். இரண்டு பேரும் சமமாகும் இடம் ஒன்றரை விநாடி. ஒரு பிழையைத் திருத்த அதைவிடக் குறைவான நேரம் எடுப்பவர் கொஞ்சம் பிழையோடு ஓடலாம். அதிகம் எடுப்பவர் ஓடினால் நட்டம். துல்லியம் முக்கியம் என்று புதியவர்களிடம் மட்டும் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒன்றரை விநாடிதான்.

பழகியவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் திருத்துகிறார்? தவறைக் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அறிந்துவிடுகிறது. 2010இல் கார்டன் லோகன், மேத்யூ கிரம்ப் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் தேர்ந்த தட்டச்சாளர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். தட்டுபவர் செய்த பிழைகளில் சிலவற்றைத் திரையில் தெரியாமல் திருத்திவிட்டார்கள். சரியாகத் தட்டிய சில இடங்களில் பிழை போலத் திரையில் காட்டினார்கள். திரையை நம்பிய அவர்கள் திருத்தப்பட்ட பிழைகளைத் தாங்கள் சரியாகத் தட்டியதாகவும், புகுத்தப்பட்டவற்றைத் தங்கள் பிழையாகவும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். விரல்கள் ஏமாறவில்லை. உண்மையில் தவறாகத் தட்டிய பிறகு அவை தயங்கின. பொய்யாகக் காட்டிய பிழைக்குத் தயங்கவில்லை.

புதியவரின் விரலுக்கு இந்த உணர்வு இன்னும் வரவில்லை. சரியான அசைவு எது என்று திடமாகப் பதிந்த பிறகுதான் அதிலிருந்து விலகியதை விரல் உணர முடியும். அந்தப் பதிவுக்குத்தான் ஆரம்பத்தில் துல்லியம் தேவைப்படுகிறது. உங்கள் அலுவலக நண்பர் நல்ல உதாரணம். ஆனால் அவர் இன்று செய்வதை நீங்கள் இன்று செய்யக் கூடாது.

கீபோர்டைப் பார்த்து அடித்தால் 30 வருகிறது. பார்க்காமல் அடித்தால் 12தான். பார்த்தே அடித்தால் என்ன?

30 சொல் போதும் என்றால் பார்த்தே அடியுங்கள், தவறில்லை. அதற்கு மேல் போக நினைத்தால் முட்டும் இடம் திருத்தச் செலவுதான். கண் விசைகளின் மேல் இருக்கும்போது திரையில் விழுந்த பிழை உடனே தெரியாது. நான்கு சொல் தள்ளி நிமிர்ந்து பார்க்கும்போது தெரியும். `becuase` கணக்கில் பத்தாக இருந்த வீண் தட்டுகள் நாற்பது, ஐம்பது ஆகிவிடும். அல்லது மவுஸை எடுக்க வேண்டிவரும்.

12இல் இருப்பவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். `F`, `J` விசைகளில் உள்ள சிறு மேடுகளை ஆள்காட்டி விரல்களால் தொட்டு உணர்ந்தபடி தொடங்கி, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் அங்கே திரும்பிவருகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் கை மெல்ல ஒரு விசை நகர்ந்துவிட்டிருக்கும். அதன்பிறகு ஒரு சொல் முழுக்கத் தவறாக விழும். இந்த வகைப் பிழை, வேகத்தைக் குறைத்தாலும் போகாது.

பிழைகள் வருகின்றன, சரி. ஆனால் எல்லாப் பிழையும் ஒன்றா? எதைத் திருத்தினால் பலன்?

ஒன்றல்ல. பிழைகளின் பட்டியலைப் பத்து நிமிடம் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும்.

பக்கத்து விசை: `r` இடத்தில் `t`, `n` இடத்தில் `m`. கையின் நிலை நகர்ந்திருக்கிறது, அல்லது விரல் நீள வேண்டிய தூரம் இன்னும் பதியவில்லை. முந்தைய பதிலில் சொன்ன மேடுகளுக்குத் திரும்பும் பழக்கம்தான் இதற்கு மருந்து. அந்த இரண்டு விசைகளும் மாறிமாறி வரும் சொற்களை மெதுவாக அடிக்கலாம்.

எதிர்க்கையின் அதே விரல்: `d` இடத்தில் `k`, `e` இடத்தில் `i`. நடுவிரல் என்று மனம் சரியாக முடிவெடுத்தது. எந்தக் கை என்பதில் பிசகிவிட்டது. புதியவர்களுக்கு இது மிகவும் இயல்பு. அந்த இரண்டு எழுத்தும் கலந்து வரும் சொற்களில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து அடித்தால் சில நாள்களிலேயே அடங்கிவிடும். வேகத்தைக் குறைக்காமல் அடித்தால் இரண்டு அசைவுகளும் சேர்ந்து பதியும். பிறகு பிரிப்பது கடினம்.

வரிசை மாற்றம்: `the` இடத்தில் `teh`, நாம் பார்த்த `becuase`. இதில் எல்லா விசைகளும் சரி. ஒரு கை மற்றதை முந்திக்கொண்டது. `a` இடக்கையில், `u` வலக்கையில். இந்தப் பிழை மட்டும் அதிகமாக இருக்கிறது என்றால், விசைகளின் இடம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போதைய தாளத்துக்கு மேல் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். நிமிடத்துக்கு நான்கைந்து சொல் குறைத்துச் சீரான இடைவெளியில் தட்டினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

சரி, எப்போது வேகத்தைக் கூட்டலாம்? ஓர் எண் சொல்லுங்கள்.

என் கருத்தில், ஒரே அளவுள்ள ஐந்து சோதனைகளில் தொடர்ந்து 98க்குக் குறையாமல் இருந்தால் கூட்டலாம். ஒரே ஒரு முறை 99 வந்தது போதாது. நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று சொல் மட்டும் ஏற்றுங்கள். 96க்கு இறங்கினால் பதற வேண்டாம், அங்கேயே இருந்து மேலே வரக் காத்திருங்கள். 95க்குக் கீழே போனால் பழைய வேகத்துக்குத் திரும்புங்கள். அந்த நிலையில் அடிக்கும் ஒவ்வொரு பக்கமும் பிழைக்கான பயிற்சியாகிவிடுகிறது.

100 சதவீதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் நின்று யோசித்து அடிக்கும் 100 சதவீதத்தில் தாளமே பழகாது. எழுத்துகளுக்கு இடையே சம இடைவெளி இருக்கிறதா என்று காதால் கேட்டுப் பாருங்கள். படபடவென்று நான்கு தட்டு, பிறகு நிறுத்தம், மறுபடி படபடவென்று என்றால் தெரிந்த சொற்களில் ஓடித் தெரியாத சொற்களில் விழுகிறீர்கள்.

பேக்ஸ்பேஸை முடக்கிவிட்டுப் பழகச் சொல்கிறார்கள். நல்லதா?

பிழைகளைக் கண்டறிய நல்லது. எதுவும் அழியாமல் நிற்பதால், முன்பு சொன்ன மூன்று வகையில் உங்களுடையது எது என்று பார்க்க வசதி. தினசரிப் பயிற்சிக்கு நான் வேறொன்றைச் சொல்வேன்: பிழை தெரிந்ததும் `Ctrl + Backspace` அழுத்திச் சொல் முழுவதையும் அழித்து, முதல் எழுத்திலிருந்து மறுபடி அடியுங்கள். தவறிய எழுத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் விரல் அந்த ஒட்டைத்தான் கற்றுக்கொள்ளும். முழுச் சொல்லையும் ஓட்டமாக அடித்தால் சொல்லின் அசைவு பதியும். நேரம் அதிகம் ஆகும், பயிற்சியில் ஆகட்டும். வேகத்தை அளக்கும் சோதனையில் மட்டும் வழக்கம்போல் திருத்துங்கள்.

ஓர் இடத்தில் 52 வருகிறது, இன்னோர் இடத்தில் 38. எதை நம்புவது?

முதலில் பகுதியைப் பாருங்கள். சின்ன எழுத்தில், நிறுத்தக்குறியே இல்லாமல், அடிக்கடி வரும் சொற்கள் மட்டும் கொடுத்தால் எண் ஏறும். எண்களும் மேற்கோள் குறிகளும் உள்ள கட்டுரைப் பகுதியில் இறங்கும். அடுத்தது நேரம். 15 விநாடிச் சோதனையில் ஒரு கடினமான சொல் வராமல் தப்பிவிடலாம். ஐந்து நிமிடத்தில் தப்ப முடியாது. தோளும் மணிக்கட்டும் சோர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதும் அதில் தெரியும். கடைசியாக, பிழையை எப்படிக் கழிக்கிறார்கள் என்பது. அதை நிகர வேகக் கேள்வியில் பார்த்தோம்.

ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஐந்து முறை அடித்து எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்ததைச் சொல்லிக்கொள்ள ஆசை வரும். ஆனால் அது நீங்கள் திரும்பக் காட்ட முடியாத எண்.

நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அதன்பின் வந்த எல்லாமே சிவப்பு. துல்லியம் 60 என்று காட்டியது. உண்மையில் ஒரு பிழைதானே?

ஒரு பிழைதான். அந்தச் சோதனை மூலப்பகுதியின் 41ஆம் எழுத்தை உங்கள் 41ஆம் எழுத்தோடு, 42ஐ 42ஓடு என்று இடம் பார்த்து ஒப்பிடுகிறது. ஒன்று விடுபட்டதும் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகின்றன. ஒழுங்காக எண்ண வேண்டுமானால், உங்கள் பகுதியை மூலப்பகுதியாக மாற்றக் குறைந்தது எத்தனை சேர்ப்பு, நீக்கம், மாற்றம் தேவை என்று பார்க்க வேண்டும். 1965இல் விளாதிமிர் லெவன்ஷ்டீன் வகுத்த தூர அளவு இதுதான். உங்கள் பகுதிக்கு அந்தத் தூரம் ஒன்று.

பல சோதனைகள் சொல்லுக்குச் சொல் தனித்தனியாக ஒப்பிடுவதால் இந்தச் சிக்கல் அந்தச் சொல்லோடு நின்றுவிடும். உங்களுடையது அப்படி இல்லை என்றால், திடீரென்று சரிந்த துல்லிய எண்ணைப் பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒருமுறை வந்த 60ஐச் சேர்த்துச் சராசரி எடுத்தால் வாரம் முழுவதற்கான கணக்கும் கெட்டுவிடும்.

தமிழில் அடிக்கும்போதும் ஐந்து எழுத்துதான் ஒரு சொல்லா? ஆங்கிலத்தில் 40 வரும் எனக்குத் தமிழில் ஓர் இடத்தில் 18, இன்னோர் இடத்தில் 30 வருகிறது.

இங்கே எதை எண்ணுகிறார்கள் என்பதே மாறிவிடுகிறது. `அம்மா` என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. தமிழ்99 முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். இன்ஸ்கிரிப்ட் முறையில் புள்ளியையும் தனியாகத் தட்ட வேண்டும், ஐந்து தட்டு. கணினிக்குள் யூனிகோடாகச் சேமிக்கப்படுவதும் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். ஆக, அதே சொல்லை ஒரு சோதனை 0.6 சொல்லாகவும் மற்றொன்று முழுச் சொல்லாகவும் எண்ணலாம். விரல் செய்த வேலை அதேதான். உங்கள் 18க்கும் 30க்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதனாலேயே வந்திருக்கலாம்.

அதனால் தமிழ் வேகத்தை ஆங்கில வேகத்தோடு ஒப்பிடாதீர்கள்; வேறு விசை அமைப்பில் அடிப்பவரோடும் ஒப்பிடாதீர்கள். ஒரே அமைப்பு, ஒரே சோதனை என்று வைத்துக்கொண்டு உங்கள் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். துல்லியத்தை, 95 சதவீதம் பற்றிய கேள்வியில் செய்ததுபோல, எத்தனை சொல்லுக்கு ஒரு பிழை என்று நீங்களே எண்ணுங்கள். நூறு சொல் கொண்ட ஒரு பத்தியை அடித்து, எத்தனை சொற்களில் கை தடுக்கியது என்று குறித்தால் போதும். அந்த எண்ணிக்கை, சோதனை எப்படி எழுத்தெண்ணினாலும் மாறாது.